வீடு வாடகைக்கா, வார்ட்டு வாடகைக்கா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் வீடு தேடுகிறவர்களும் பொறுமையாக வாசியுங்க. கோபம் வந்தால் கடைசி வரை வாசித்த பிறகு கோபப்படுங்க.

போன கிழமை பின்னேரம், எங்கட பாடசாலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். கல்முனைப் பக்கம் வீடு வாடகைக்கு என்று ஒருவர் போட்டிருந்த பதிவு. ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கிற ஒன்பது படங்கள், கரூசல் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அது. முதல் படத்தில் ஒரு ரோஜாப் பூ, "அமைதியான சூழலில் அழகிய இல்லம்". பிறகு ஹோல், அறை, இன்னொரு அறை. எட்டாவது படத்தில் "வீட்டு விதிகள்: ஒழுக்கமான குடும்பத்தினர் மட்டும்". ஒன்பதாவதில் "பார்வையாளர் நேரம்: பி.ப. 4 முதல் 6 வரை. விபரங்களுக்கு இன்பொக்ஸ்".

டீச்சர் கேட்ட கேள்வி இதுதான்: "சேர், எங்கட உம்மா மூதூர்ல இருந்து கிழமை முடிவுல வருவாங்க, பிள்ளையப் பாக்க. ஆறு மணிக்கு அவங்கள வெளிய அனுப்பணுமா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணினேன். அவர் பதறிப்போனார். "அட, வீடு பாக்க வாற நேரத்தயல்லவா போட்டேன். சொந்தக்காரங்க வரலாம், நிக்கலாம், நான் ஏன் தடுக்க?" என்றார். ஆனால் டீச்சர் அதற்குள் வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இடத்துக்கு. அந்த மனிதரின் வீடோ இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி வார்ட்டில் மாட்டியிருக்கிற வாசகத்தை வீட்டு விளம்பரத்தில் ஒட்டியதால் இரண்டு பக்கமும் நட்டம்.

இது ஒருவருடைய தவறு என்றால் நான் எழுதியிருக்கமாட்டேன். எங்கட ஊர்க் குழுமங்களில் வருகிற வாடகைப் பதிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பூப் போடுகிறோம், பளபளப்பான எழுத்துப் போடுகிறோம், தேவையான விடயத்தை மட்டும் இன்பொக்ஸுக்குள் ஒளிக்கிறோம். நான் சொல்வது ஒன்றுதான். வாடகைப் பதிவின் முதல் வேலை ஆட்களைக் கூப்பிடுவது அல்ல. அந்த வீடு பொருந்தாத ஆள், பஸ் காசும் செலவழிக்காமல் முகமும் சுருங்காமல் தன் வீட்டிலிருந்தபடியே விலகிக்கொள்ள வழி செய்வதுதான். அதன்பின் யார் கூப்பிடுகிறாரோ அவரே வரவேண்டியவர்.

முதலில் வாடகைத் தொகை. "தொகையைப் போட்டால் யாரும் போன் எடுக்கமாட்டாங்க, நேரில கதைத்தால் கூட்டிக் குறைக்கலாம்" என்று சொல்கிறார்கள். சரி, தொகை போடாத பதிவுக்கு வருகிற போன்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கட சாச்சி ஒருவர் தனது வீட்டின் மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்க நினைத்தபோது முதலில் வேறு யாரோ செய்து கொடுத்த படங்களைத்தான் போட்டார். இரண்டு நாளில் முப்பதுக்கு மேல் போன். லுஹர் நேரம், குசினியில் நிற்கிற நேரம், இரவு பத்தரை மணி. எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு?" பதினெட்டாயிரம் என்றதும் பாதிப் பேர் "சரி, பாத்துட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்கள். சில பேர் அதைக்கூடச் சொல்லவில்லை. படத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பாதிப் பேரும் சாச்சியும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

தொகை என்றால் வாடகை மட்டும் இல்லை. அட்வான்ஸ் எத்தனை மாதம், வீட்டை விடும்போது அது திரும்பத் தரப்படுமா, மாத வாடகையில் கழிக்கப்படுமா, இதெல்லாம் சேர்ந்ததுதான் தொகை. வாடகை பதினெட்டாயிரம் என்று நம்பி வருகிற ஆளிடம் வாசலில் வைத்து "ஆறு மாதம் அட்வான்ஸ்" என்றால் ஒரு இலட்சத்து எட்டாயிரத்துக்கு அவர் எங்கே போவார்? கூடக் கேட்பது உங்கட உரிமையாக இருக்கலாம். ஒளித்து வைத்துவிட்டு வாசலில் வைத்துக் கேட்பது சரியில்லை.

இந்தத் தொகை முதல் படத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கட ஆக்கள் பதிவை அப்படியே பகிர்வது குறைவு. ஒரு படத்தை மட்டும் சேமித்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். ஒன்பது படமாகப் போட்டது ஒற்றைப் படமாக ஊர் சுற்றும். அந்த ஒற்றைப் படம் ரோஜாப் பூவாக இருந்தால் என்ன பயன்? முதல் படத்தில் ஐந்து விடயம் போதும்: எந்தப் பகுதி, எத்தனை அறை, வாடகை, அட்வான்ஸ், எப்போதிருந்து கொடுக்கலாம். மற்ற ஒவ்வொரு படத்தின் அடியிலும் சிறிய ஒரு வரி: பகுதி, வாடகை, பதிவு போட்ட திகதி. திகதி இல்லாத விளம்பரம் வீடு போய் ஆறு மாதம் கழிந்தும் சுற்றிக்கொண்டிருக்கும், போனும் வந்துகொண்டிருக்கும். அதோடு, படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடல் பெட்டியில் தேடி எடுப்பது கஷ்டம். ஆகவே முதல் படத்தில் உள்ளதைப் பதிவின் மேலேயும் ஒருமுறை தட்டச்சு செய்துவிடுங்க.

அடுத்தது அறைப் படங்கள். இதில் நானே குற்றவாளி. சாச்சியின் படங்களைத் திருத்துகிறேன் என்று புறப்பட்டு, போனில் 0.5 என்கிற அகலக் கெமராவில் எடுத்தேன். ஒன்பது அடி அறை பள்ளிக்கூட ஹோல் மாதிரி வந்தது. எனக்கே பெருமை. மருதமுனையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அறை வாசலில் நின்றார்கள். அந்தப் பிள்ளை தாழ்ந்த குரலில் "படத்துல பெரிசா இரிந்திச்சே" என்றது. அவர்களுடைய கட்டிலும் அலுமாரியும் சேர்ந்து அந்த அறைக்குள் போகாது. சாச்சி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "மகன், நான் பொய் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆயிட்டே" என்றார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தோம். சாதாரண 1 கெமரா, நெஞ்சு உயரம், அறை வாசலிலிருந்து ஒரு படம், எதிர் மூலையிலிருந்து ஒரு படம். காலை பத்து மணி, ஜன்னல் திறந்து, லைட் போடாமல். அறைக்குள் ஒரு கட்டிலை விட்டுவைத்தோம், பார்க்கிறவருக்கு அளவு பிடிபடும். படத்தின் மேல் "10 அடி × 9 அடி" என்று எழுதினோம். அளவு நாடா பக்கத்து வீட்டு மேசன் காக்காவிடம் கேட்டால் சும்மாவே தருவார்.

ஆட்கள் உண்மையில் பார்க்க விரும்புகிற படங்களை யாரும் போடுவதில்லை. பாத்ரூம், அதுவும் பைப் திறந்து தண்ணி வருகிற படம். குசினியில் கேஸ் வைக்கிற இடம். கூரை சீட்டா, கொன்கிரீட்டா. இந்த ஊர் வெயிலில் சீட் கூரைக்குக் கீழே மத்தியானம் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க முடியுமா என்பதுதான் ஒரு தாயின் கேள்வி, ஹோலில் என்ன நிற டைல்ஸ் என்பது அல்ல. மாரியில் ஒழுங்கையில் தண்ணி நிற்குமென்றால் அதையும் எழுதுங்க. நவம்பர், டிசம்பரில் எங்கட ஊர் எப்படி இருக்குமென்று எல்லாருக்கும் தெரியும். ஒளித்து என்ன செய்யப் போகிறீர்கள்? சாச்சியின் மேல்மாடிப் படிக்கட்டு ஒடுக்கம், கைபிடி ஒரு பக்கம்தான். அதையும் படமாகப் போட்டு "வயதானவர்களுக்குச் சிரமம்" என்று எழுதினோம். வேண்டாமென்று விலகியவர்கள் விலகட்டும், அவர்களுடைய உம்மா வாப்பா அந்தப் படியில் விழாமல் இருப்பார்கள்.

இனி, கோபப்படப் போகிறவர்கள் தயாராகுங்க. வீட்டு விதிகள்.

"ஒழுக்கமான குடும்பத்தினர் மட்டும்." இது விதியா? இதை வாசித்துவிட்டு "நான் ஒழுக்கமில்லாதவன், எனக்கு இந்த வீடு சரிவராது" என்று யாராவது விலகுவார்களா? விலகமாட்டார்கள். ஆனால் கணவர் கட்டாரில் இருக்கத் தனியாகப் பிள்ளையோடு வீடு தேடுகிற பெண், விவாகரத்தான பெண், ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த வேறு ஊர் மாணவர்கள், இவர்களெல்லாம் இந்த வரியைப் பார்த்து "எங்களைத்தான் சொல்கிறார்கள்" என்று விலகிவிடுவார்கள். விலகவேண்டியவர் வருவார், வரவேண்டியவர் விலகுவார். அந்த ஒரு வரி செய்வது அவ்வளவுதான்.

இன்னும் சிலர் நேராகவே எழுதுகிறார்கள்: இந்த ஊராருக்கு மட்டும், இந்த இனத்தாருக்கு மட்டும். கொழும்பில் வீடு தேடி, போனில் பேரைச் சொன்னதும் "வீடு இப்பதான் போனது" என்று கேட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்! அன்றைக்கு வயிறு எரிந்ததல்லவா? அதே வேலையை எங்கட ஊரில், அழகான எழுத்தில், பச்சைப் பின்னணியில் நாங்கள் செய்கிறோம்.

வீட்டுக்காரருக்கு விதி போடும் உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்க. ஆனால் விதி ஆளைப் பற்றி இருக்கக்கூடாது, செயலைப் பற்றி இருக்கவேண்டும். சாச்சியிடம் உட்கார்ந்து கேட்டேன்: "சாச்சி, ஒழுக்கம் எண்டா உங்களுக்கு உண்மையில என்ன பயம்?" யோசித்து யோசித்து நான்கு பயம் சொன்னார். இரவு நேரம் கழித்துக் கேற்றைத் தட்டுவார்கள். பைக்குகளை நிறுத்திப் பாதையை அடைப்பார்கள். கரண்ட் பில்லில் சண்டை வரும். தண்ணி மோட்டரை ஓடவிட்டுவிட்டுப் போவார்கள். ஒழுக்கம் என்ற பெரிய சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இவ்வளவுதான்.

நான்கையும் விதியாக்கினோம். கேற் இரவு 10 மணிக்குப் பூட்டப்படும், குடியிருப்பவருக்குத் தனிச் சாவி தரப்படும். வளவுக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை. மோட்டர் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, டாங்கி நிறைந்ததும் போட்டவர் நிறுத்தவேண்டும். கரண்டுக்கு உபமீற்றர் உண்டு, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இருவரும் சேர்ந்து வாசிக்கவேண்டும்.

இந்த மீற்றர் விடயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் வருகிற சண்டையில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. வீட்டுப் பாவனைக் கரண்ட் கட்டணம் அலகு கூடக் கூட ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறும். கீழ் வீடு 50, மேல் வீடு 50 பாவித்தால் தனித்தனி மீற்றரில் இரண்டும் குறைந்த பிரிவில் நிற்கும். ஒரே மீற்றரில் இருந்தால் பில் 100 அலகுக்கு வரும், கூடிய பிரிவில். அதைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாலும், குடியிருப்பவர் தன் பழைய வீட்டில் 50 அலகுக்குக் கட்டியதைவிடக் கூடத்தான் கட்டுவார். "வீட்டுக்காரி ஏமாத்துறா" என்று நினைப்பார். வீட்டுக்காரி பாவம், அவவும் கூடத்தான் கட்டுகிறா. ஆகவே ஒரே மீற்றர் என்றால் அதை விதிப் படத்தில் எழுதுங்க, எப்படிப் பிரிப்பீர்கள் என்பதையும் எழுதுங்க. சாச்சி வீட்டில் மொத்தப் பில்லை உபமீற்றர் காட்டும் அலகின் விகிதப்படி பிரிக்கிறோம்.

விதிப் படத்தில் வீட்டுக்காரர் கடமை ஏன் ஒன்றுகூட இருப்பதில்லை? சாச்சியின் படத்தில் கீழ்ப் பாதியை அதற்கு ஒதுக்கினோம்: மோட்டரும் கூரையும் பழுதானால் செலவு வீட்டுக்காரருடையது, பல்ப் பைப் போன்ற சின்னச் செலவு குடியிருப்பவருடையது. சொல்லாமல் மேல்மாடிக்கு வரமாட்டோம். வீட்டை விடச் சொல்வதென்றால் இரண்டு மாதம் முன்பே சொல்வோம், விடுவதென்றால் நீங்களும் அப்படியே. சாச்சி முதலில் தயங்கினார். "இப்படி எழுதிக் கொடுத்தா நாங்க மாட்டிக்கொள்ள மாட்டமா?" என்றார். மாட்டிக்கொள்வோம்தான். மற்றவரை மட்டும் மாட்டுவதற்குப் பேர் விதி இல்லை, சாச்சி என்றேன்.

கடைசியாக நேரம். டீச்சர் குழம்பியது இங்கேதான். இரண்டு வேறு நேரங்களை ஒரே சொல்லில் அடைக்கிறோம். வீடு பார்க்க வருகிற நேரம் ஒன்று, குடிவந்த பிறகு விருந்தாளி வருகிற நேரம் இன்னொன்று. முதலாவதுக்கு "வீடு பார்க்க வரலாம்" என்று முழு வாக்கியமாக எழுதுங்க, அதற்கென்று ஒரு தனிப் படம் ஒதுக்குங்க. இரண்டாவதுக்கு ஏதாவது கட்டுப்பாடு இருந்தால் அது விதிப் படத்துக்குள் போகவேண்டும். கட்டுப்பாடு இல்லையென்றால் "உறவினர் வந்து தங்கலாம்" என்று எழுதுங்க. அந்த மூன்று சொல் இருந்திருந்தால் டீச்சரின் உம்மா இன்றைக்கு ஒரு பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்.

சாச்சிக்கு நாங்கள் வைத்த நேரம் சனி, ஞாயிறு பின்னேரம் 4 முதல் 5.30 வரை. சும்மா எடுத்த நேரம் அல்ல. அசருக்குப் பிறகு, மஃரிபுக்கு முன். வெளிச்சம் இருக்கும், பார்க்கிறவருக்குச் சுவரில் ஈரம் தெரியும். மேற்கு வெயில் அறைக்குள் எவ்வளவு விழுகிறதென்றும் தெரியும். அந்த நேரத்தில் நானோ மச்சானோ அங்கே நிற்கலாம். ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடம். இரண்டு குடும்பம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு விலை ஏற்றுகிற கதை வேண்டாம் என்று சாச்சியே சொன்னார். வருவதற்கு முன் போன் பண்ணவேண்டும், வராவிட்டாலும் ஒரு மெசேஜ் போடவேண்டும் என்று எழுதினோம்.

வீட்டு இலக்கம் போடவில்லை, "பள்ளிக்குப் பின்பக்கம் மூன்றாவது ஒழுங்கை" என்கிற அளவோடு நிறுத்தினோம். சரியான இடம் போன் பண்ணியவருக்குத்தான். சாவிக்கொத்து மேசையில் கிடந்த ஒரு படத்தையும், பிள்ளைகளின் போட்டோ சுவரில் தெரிந்த ஒரு படத்தையும் எடுத்துவிட்டோம். "கீழே வயதான பெண் தனியாக இருக்கிறார், அமைதியான வீடு" என்று முதலில் போட்டவர் எழுதியிருந்தார். அதை அழித்ததுதான் என் முதல் வேலை. ஊர் முழுக்க அறிவிக்கிற விடயமா அது?

"இவ்வளவையும் எழுதினால் யார் வாசிப்பார்கள்?" என்று கேட்பீர்கள். ஒரே படத்தில் நுணுக்கி எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள் என்பது உண்மை. அதற்குத்தானே பல படம் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு விடயம், ஐந்தாறு வரி. செய்துவிட்டுப் போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்க. கண்ணாடி போடுகிற வாப்பாவால் வாசிக்க முடிந்தால் சரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் இந்தப் படங்கள் ஒப்பந்தம் ஆகாது. 1840ஆம் ஆண்டு முதல் இருக்கிற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படவேண்டும். படத்தில் போட்டோம்தானே என்று எழுத்தை விட்டுவிடாதீங்க. ஆனால் படத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தால் எழுதுகிற நாளில் புதிதாக எதுவும் முளைக்காது.

சாச்சியின் இரண்டாவது பதிவுக்கு மொத்தம் ஏழு போன் வந்தது. யாரும் "எவ்வளவு?" என்று கேட்கவில்லை. மூன்று குடும்பம் வந்து பார்த்தது. வேறு ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு தாதியும் அவருடைய தங்கையும் எடுத்தார்கள். எங்கட இனமும் இல்லை, எங்கட ஊரும் இல்லை. எட்டு மாதமாகிறது. மோட்டரை நிறுத்த மறந்த ஒரே ஆள் சாச்சிதான்.

குழும அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைத் தொகை, அட்வான்ஸ், திகதி மூன்றும் இல்லாத வாடகைப் பதிவை அனுமதிக்காதீங்க. திருப்பி அனுப்புங்க, இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். வீடு போனதும் "கொடுக்கப்பட்டுவிட்டது" என்று முதல் படத்தை மாற்றாதவர்களின் பதிவை நீக்குங்க.

ஊரில் யாருக்காவது, விசேடமாகப் பாதி வீட்டை வாடகைக்கு விட்டுத்தான் மாதச் செலவைப் பார்க்கிற தாய்மாருக்கு, இந்தப் படங்களைச் செய்யத் தெரியாவிட்டால் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வருகிறேன். என்னோடு ஒத்துப்போகாதவர்கள் கீழே எழுதுங்க, பதில் சொல்கிறேன்.

"இன்பொக்ஸ் வாங்க" என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம்.